ஐந்து ரோடு பாலத்தில் உங்கள் பங்கு எவ்வளவு?

சேலம் ஐந்து ரோட்டு இரண்டடுக்குப் பாலத்தில் வேலை பார்த்த ஒரு சிவில் பொறியாளர் அடுத்த வேலைக்கு ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தால், முதல் வரியாக எதை எழுதுவார்? ‘சேலம் மாநகர மேம்பாலம், திட்ட மதிப்பு 441 கோடி ரூபாய்’ என்றுதான் கை தானாக எழுதும். அதில் பொய் எதுவும் இல்லை. 2016-இல் வேலை தொடங்கி, 2020 ஜூன் 11 அன்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்த அந்தப் பாலம், குரங்குச்சாவடியிலிருந்தும் அண்ணா பூங்காவிலிருந்தும் வந்து ஐந்து ரோட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கிறது. மொத்த நீளம் எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சேலத்துக்காரர் யாராக இருந்தாலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய வேலைதான்.

ஆனால் 441 கோடி என்பது பாலத்தின் விலை. அதை எழுதியவரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு மேம்பாலத்துக்குள் ஏழெட்டு விதமான வேலைகள் இருக்கின்றன. தரைக்குக் கீழே அஸ்திவாரம், அதன் மேல் தூண், தூணின் தலையில் பியர் கேப், அதன் மேல் கர்டர், கர்டரின் மேல் டெக் ஸ்லாப், ஓரத்தில் கிராஷ் பேரியர், இரு முனைகளிலும் ஏறுதளத்தின் தடுப்புச் சுவர். அஸ்திவாரத்தில் ஒரு வருடம் நின்றவருக்குப் பாறை மட்டம் தெரியும். கர்டர் ஏற்றும் இரவுப் பணியில் நின்றவருக்குக் கிரேன் தெரியும். ஏறுதளத்தில் நின்றவர் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கியிருப்பார். மூவரும் ஒரே வரியை எழுதினால், கர்டர் ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடும் நிறுவனம் யாரைக் கூப்பிடுவது?

ரெஸ்யூமை முதலில் பார்ப்பவர் மனிதவளப் பிரிவில் இருப்பவர். அவர் வருடத்தையும் பட்டத்தையும் பார்த்து இரண்டு கட்டாகப் பிரித்துவிடுவார். அடுத்து அது போய்ச் சேருவது ஒரு புராஜெக்ட் மேனேஜரின் மேஜைக்கு. இருபது வருடம் வெயிலில் நின்ற மனிதர் அவர். கையில் பேனாவும் பக்கத்தில் கால்குலேட்டரும் இருக்கும். எண் பெரிதா சிறிதா என்பது அவருக்கு முக்கியமில்லை. ஒரு எண் இன்னொரு எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார். சிவில் வேலையில் பொய் சொல்வது கடினம். காரணம் எளிது: பரப்பு, கனம், சிமென்ட், கம்பி எல்லாம் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஒரு மாதிரி ரெஸ்யூமை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, கணக்கு நிஜம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியிலோ படித்து முடித்து, நான்கு வருடம் உள்ளூர் ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக இருந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் காட்டும் வேலைகள் இரண்டு. ஒன்று, சேலம் புறநகரில் தரைத்தளமும் அதன் மேல் இரண்டு தளங்களுமாக ஓர் அடுக்குமாடி வீடு. மற்றது, நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலைக்கான அஸ்திவாரம். தாளின் தலையில், நான்கைந்து தலைமுறை சீனியர்களிடமிருந்து கைமாறி வந்த ‘ஆப்ஜெக்டிவ்’ வாசகம் இருக்கும். அடியில், மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதி கூறுகிறேன் என்ற வாசகமும் ‘இடம்: சேலம்’ என்பதும் இருக்கும். இரண்டையும் யாரும் படிப்பதில்லை. நடுவில் இருப்பதைத்தான் படிப்பார்கள்.

நடுவில் அவர் எழுதியிருப்பது இது: ‘அடுக்குமாடிக் குடியிருப்பு, தளம் ஒன்றுக்கு 240 சதுர மீட்டர், மேற்பார்வையிட்ட கான்கிரீட் 6,350 கன மீட்டர்.’

மேனேஜரின் பேனா இங்கே நின்றுவிடும். தளம் ஒன்றுக்கு 240 என்றால் மூன்று தளங்களுக்கு 720 சதுர மீட்டர். 6,350 கன மீட்டர் கான்கிரீட்டை அந்த 720 சதுர மீட்டரில் பரப்பினால் எட்டே முக்கால் மீட்டர் கனம் வரும். அது வீடாக இருக்க முடியாது, மலையாகத்தான் இருக்கும். பையன் பொய் சொல்கிறானா என்றால், பெரும்பாலும் இல்லை. நடந்தது என்ன என்பதைச் சேலத்துச் சைட்டுகளை அறிந்தவர் உடனே பிடித்துவிடுவார். நம் பக்கத்து மேஸ்திரிகளும் உரிமையாளர்களும் கன அடியில்தான் பேசுவார்கள். ஜல்லியும் எம்-சாண்டும் ‘யூனிட்’ கணக்கில் வரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. சைட் நோட்டில் 6,350 என்று இருந்திருக்கும். ரெஸ்யூமில் ஏற்றும்போது கன அடி கன மீட்டராகிவிட்டது. ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 35.3 கன அடி. வகுத்துப் பார்த்தால் விடை 180 கன மீட்டர். இதை 720-இல் பரப்பினால் 25 சென்டிமீட்டர் வருகிறது. ஸ்லாப், பீம், தூண், அஸ்திவாரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாகப் பார்த்தால் ஒரு சிறிய அடுக்குமாடிக்கு நம்பக்கூடிய எண்தான் அது.

180 என்பது 6,350-ஐவிடச் சிறியது என்ற கூச்சத்தில்தான் பலர் அளவையே விட்டுவிட்டு, ‘கான்கிரீட் பணிகளை மேற்பார்வையிட்டேன்’ என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். 180 கன மீட்டரைச் சரியாக எழுதுகிறவரிடம் அடுத்த கேள்வி கேட்க முடியும். பொதுவாக எழுதுகிறவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வி கம்பியைப் பற்றித்தான் வரும். அந்த 180 கன மீட்டருக்குக் கம்பி எவ்வளவு என்று கேட்டால், 18 டன் என்பது பதில் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் கன மீட்டருக்கு 100 கிலோ. வீட்டுக் கட்டடத்துக்கு இது இயல்பான அளவு. அவர் 45 டன் என்று எழுதியிருந்தால் கன மீட்டருக்கு 250 கிலோ ஆகியிருக்கும். அப்போது மேனேஜர், ‘அது வீடா, பாலத்தின் தூணா?’ என்று கேட்டிருப்பார். பார் பெண்டிங் அட்டவணையை நீங்களே போட்டீர்களா, மேலிருந்து வந்ததைச் சரிபார்த்தீர்களா என்பது இதைத் தொடர்ந்து வரும். இங்கே 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேட்பது சடங்கு மாதிரி. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் 0.889 கிலோ. சூத்திரம் தெரிவது பெரிய விஷயமல்ல. லாரியில் வந்த கம்பியின் எடைச்சீட்டுக்கும் சூத்திரக் கணக்குக்கும் இடையில் வித்தியாசம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, எடை மேடைச் சீட்டைக் கையில் பிடித்தவரால்தான் முடியும்.

மூன்றாவது கேள்வி கியூப். ரெஸ்யூமில் இது பொதுவாக இருப்பதே இல்லை; இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, எவ்வளவு கான்கிரீட் போட்டால் எத்தனை மாதிரி எடுக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. ஐந்து கன மீட்டர் வரை ஒன்று, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 50 கன மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒன்று கூடும். ஒரு மாதிரி என்றால் மூன்று கட்டிகள். நம்மவரின் ஒரு தளத்து ஸ்லாபும் பீமும் சேர்ந்து 40 கன மீட்டர் என்று கொண்டால், ஒரே நாளில் ஊற்றும்போது நான்கு மாதிரி, அதாவது 28-ஆம் நாள் சோதனைக்கு மட்டும் 12 கட்டிகள். மூன்று தளத்துக்கு 36. ஏழாம் நாள் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். சிறிய சைட்டுகளில் ஒரு தளத்துக்கு மூன்றே கட்டி எடுத்துவிட்டுத் திருப்தியடைவதுண்டு என்பது நேர்காணல் எடுப்பவருக்கும் தெரியும். ‘ஸ்லாபுக்கு எத்தனை கியூப் எடுத்தீங்க தம்பி?’ என்று அவர் கேட்பது அதனால்தான். ‘12 எடுக்கணும் சார், முதல் ஸ்லாபுக்கு ஆறுதான் எடுத்தோம், ரெண்டாவதிலிருந்து சரி பண்ணினோம்’ என்று பதில் வந்தால், அந்தப் பையனுக்கு வேலை பாதி உறுதி.

இதோடு ஒட்டிய ஒரு பொறியும் உண்டு. ‘எம்-25 கான்கிரீட், 1:1:2 விகிதத்தில் சைட்டிலேயே கலந்து போட்டோம்’ என்று ரெஸ்யூமில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை பங்கு சிமென்ட், இத்தனை பங்கு மணல், இத்தனை பங்கு ஜல்லி என்று பெட்டியால் அளந்து கலக்கும் முறையை ஐ.எஸ். 456 எம்-20 வரைதான் அனுமதிக்கிறது. எம்-25 என்றால் ஆய்வகத்தில் வடிவமைத்த டிசைன் மிக்ஸ் வேண்டும். அந்த ஒரு வரியிலேயே, எழுதியவர் விதியை அறியாதவர் என்பதோ, விதியை மீறிய சைட்டில் கேள்வி கேட்காமல் நின்றவர் என்பதோ தெரிந்துவிடும். ரெடிமிக்ஸ் வாங்கியிருந்தால் அதையே எழுதலாம். ஆறு கன மீட்டர் லாரியில் 40 கன மீட்டர் வர ஏழு நடை. ஒவ்வொரு நடைக்கும் சலான், ஒவ்வொரு லாரியிலும் ஸ்லம்ப் சோதனை. அதில் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பியிருந்தால், ரெஸ்யூமில் எழுதத் தகுந்த சம்பவம் அது.

இனி நாமக்கல் வேலைக்கு வரலாம். ‘தீவன ஆலை அஸ்திவாரம், மண் தோண்டல் 900 கன மீட்டர்’ என்று எழுதியிருக்கிறார். அளவு சரி, அலகு சரி. ஆனாலும் பாதிதான் சொல்லியிருக்கிறார். சேலத்திலிருந்து நாமக்கல் வரை சமவெளி என்று பேர். இரண்டு மூன்று அடி செம்மண்ணுக்குக் கீழே பாறை எப்போது தலைகாட்டும் என்று சொல்ல முடியாது. மேலே மண், நடுவில் உதிரும் பாறை, கீழே கடினப் பாறை. மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் வெவ்வேறு விலை. 900-இல் 600 மண்ணும் 300 கடினப் பாறையும் என்றால் அது ஒரு வேலை. 900-உம் மண் என்றால் பொக்லைன் இரண்டு மூன்று நாளில் முடித்துக் கிளம்பிவிடும்.

பாறையைப் பிரேக்கர் வைத்து உடைத்தார்களா, வெடி வைத்தார்களா என்பது அடுத்தது. வெடி என்றால் உரிமம் பெற்றவர் வேண்டும். பக்கத்தில் வீடு, கிணறு, கோழிப்பண்ணைக் கொட்டகை இருந்தால் வெடிக்கே இடமில்லை. பிறகு அளவு. உடைத்த பாறையைக் குழிக்குள் மட்டம் எடுத்து அளந்தார்களா, வெளியே அடுக்கிவைத்து அளந்தார்களா? அடுக்கி அளந்தால் கற்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்துக்காக ஒப்பந்தம் சொல்லும் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். கழிக்காத அளவும் கழித்த அளவும் ஒன்றல்ல. ஒப்பந்ததாரருக்கும் உரிமையாளருக்கும் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மண் எங்கே முடிந்தது, பாறை எங்கே தொடங்கியது என்று இரு தரப்பும் சேர்ந்து மட்டம் எடுத்து, கையெழுத்துப் போட்டு, குழியை மூடுவதற்கு முன் பதிவு செய்தவர் என்றால், அதை ஒரு வரியில் எழுதிவிடலாம்: ‘900 கன மீட்டர் தோண்டல், அதில் 300 கடினப் பாறை, பிரேக்கர் முறை, கூட்டு அளவெடுப்பு என் பொறுப்பு.’ ஒரு கோடி ரூபாய்த் திட்டம் என்று எழுதுவதைவிட இந்த வரிக்கு எடை அதிகம்.

‘என் பொறுப்பு’ என்பதையும் கவனிக்க வேண்டும். மேற்பார்வை என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. நின்று பார்த்தது ஒன்று, அளந்தது ஒன்று, பில் போட்டது ஒன்று, சரியில்லை என்று நிறுத்தியது ஒன்று. அரசு வேலையில் இந்தப் பிரிவு தெளிவானது. எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் ஒருவர் பதிவார், மேலதிகாரி மறு அளவு எடுத்துக் கையெழுத்திடுவார், அதன் பிறகே பில். தனியார் சைட்டில் ஒரே பையன் காலையில் மட்டம் எடுத்து, மதியம் சிமென்ட் மூட்டை எண்ணி, இரவு எக்செலில் பில் போடுவான். அப்படியானால் அதையும் சொல்லலாம். ‘நான்கு ரன்னிங் பில் தயாரித்தேன், ஒவ்வொன்றிலும் வெட்டுப்பட்ட தொகை இவ்வளவு’ என்று சொல்லத் தெரிந்தவரைக் கோவையிலும் சென்னையிலும் குவான்டிட்டி சர்வேயர் வேலைக்கே எடுத்துக்கொள்வார்கள்.

பாதுகாப்புப் பகுதிக்கு வந்தால் ஏறக்குறைய எல்லா ரெஸ்யூமும் ஒரே பல்லவிதான்: ‘ஜீரோ ஆக்சிடென்ட்.’

இந்தப் பூஜ்யத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம்மவரின் சைட்டில் 40 பேர், நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 25 நாள், பத்து மாதம் வேலை நடந்தது என்றால் மொத்தம் 80,000 மனித மணி நேரம். விபத்து விகிதத்தைப் பத்து லட்சம் மனித மணி நேரத்துக்கு எத்தனை என்றுதான் இந்தியாவில் வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். 80,000 மணி நேரத்தில் ஒருவர் கால் முறிந்து வேலைக்கு வராமல் போயிருந்தால் விகிதம் 12.5; யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பூஜ்யம். ஒரே ஒரு சம்பவம் பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டரைக்குத் தூக்கிவிடுகிறது என்றால், இவ்வளவு சிறிய சைட்டில் பூஜ்யம் என்பது கவனத்தால் வந்ததா அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. பத்து லட்சம் மணி நேரம் ஓடிய பெரிய சைட்டில் அதே பூஜ்யத்துக்குப் பொருள் வேறு. பூஜ்யத்தை எழுதுகிறவர் பக்கத்திலேயே மனித மணி நேரத்தையும் எழுத வேண்டியிருப்பது இதனால்தான். வளைகுடா நிறுவனங்களுக்கு அனுப்பும் ரெஸ்யூமில் இது இல்லையென்றால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். அமெரிக்க முறையைப் பின்பற்றும் நிறுவனங்கள் பத்து லட்சத்துக்குப் பதிலாக இரண்டு லட்சம் மணி நேரத்தை அடிப்படையாக வைப்பதால், எந்த அடிப்படை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

சிறிய சைட்டில் நின்றவர் எண்ணை விட்டுவிட்டுச் செய்ததை எழுதலாம். தீவன ஆலைக் குழி இரண்டு மீட்டர் ஆழம் என்று கொள்வோம். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான மண் பள்ளத்துக்குத் தடுப்புப் பலகை கொடுக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 3764. இடம் இருந்தால் பக்கங்களைச் சரிவாக வெட்டலாம். என்ன செய்தார்கள்? தோண்டிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவித்தார்களா, தள்ளிக் கொட்டினார்களா? மழை பெய்த மறுநாள் காலை ஆட்கள் இறங்குவதற்கு முன் யார் பார்த்தது? அடுக்குமாடியில் லிஃப்ட் குழிக்கு ஒவ்வொரு தளத்திலும் அடைப்பு இருந்ததா? சென்ட்ரிங் முட்டுகளை எத்தனையாவது நாளில் எடுத்தார்கள், யார் எழுத்தில் அனுமதி கொடுத்தது? மயிரிழையில் தப்பிய சம்பவங்களை ஒரு நோட்டில் எழுதிவைத்தார்களா? ‘12 தப்பிய சம்பவங்கள் பதிவு, அதில் ஏழு மேலிருந்து பொருள் விழுந்தவை, அதன் பிறகு சாரத்தில் கால்பலகை கட்டினோம்’ என்று எழுதுகிறவரைப் பார்த்தால் ஒரு மேனேஜருக்குத் தைரியம் வரும். பூஜ்யம் மட்டும் எழுதுகிறவர் நிஜமாகவே கவனமானவராக இருக்கலாம். அல்லது நடந்ததை எழுதவே எழுதாதவராகவும் இருக்கலாம். நேர்காணல் எடுப்பவருக்கு இரண்டாவது வகையைக் கண்டால்தான் பயம்.

பாதுகாப்பு என்றால் ஹெல்மெட்டும் பெல்ட்டும் என்று நினைப்பவர்களுக்கு மவுலிவாக்கத்தை நினைவூட்டத்தான் வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னையின் விளிம்பில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது அப்படியே உட்கார்ந்தது. இறந்தவர்கள் 61 பேர். அவர்கள் தலையில் ஹெல்மெட் இருந்ததா என்பது அங்கே ஒரு கேள்வியே அல்ல. கட்டுமான நிறுவனத்தாரோடு பொறியாளர்களும் கைதானார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தூணின் அளவிலும் கம்பியிலும் சந்தேகம் வந்தால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வடிவமைப்பாளருக்கு எழுதிக் கேட்பதும் பாதுகாப்புப் பதிவேட்டில் சேரும். ஆர்.எஃப்.ஐ. என்று சைட்டில் சொல்லும் அந்தத் தாள்களில் எத்தனை அனுப்பினீர்கள், எத்தனைக்குப் பதில் வந்தது என்பதை ரெஸ்யூமில் பாதுகாப்புத் தலைப்பின் கீழ் எழுதுகிறவர் இன்னும் கண்ணில் படவில்லை. எழுதினால் எடுபடும்.

கடைசிப் பெட்டி மென்பொருள். ஆட்டோகேட், ஸ்டாட் புரோ, ரெவிட், பிரைமவேரா, எம்.எஸ். புராஜெக்ட் என்று ஐந்து பெயர். சிலர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஐந்து நட்சத்திரத்தில் நான்கைக் கறுப்பாக்கிவைப்பார்கள். யார் கொடுத்த மதிப்பெண் என்று தெரியாது. சைட் இன்ஜினியர் வேலைக்கு இவற்றில் உண்மையில் தினமும் தேவைப்படுபவை இரண்டு: 1982 டிசம்பரில் வெளிவந்ததிலிருந்து வரைபட அறைகளை ஆண்டுகொண்டிருக்கும் ஆட்டோகேட் ஒன்று, பட்டியலில் பலர் எழுத மறந்துவிடும் எக்செல் இன்னொன்று.

ஆட்டோகேட் தெரியும் என்று எழுதியவரை இப்போதெல்லாம் பல நிறுவனங்கள் கணினியின் முன் உட்காரவைத்துவிடுகின்றன. கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஒரு வீட்டின் கட்டடக்கலை வரைபடத்தைத் திறந்து, தூண்களின் மையக்கோட்டு வரைபடம் தயாரிக்கச் சொல்வார்கள். தளத்தின் பரப்பு என்ன என்றும் கேட்பார்கள். AREA என்று தட்டிச் சுற்றிவந்தால் திரையில் 240000000 என்று வரும். வரைபடம் மில்லிமீட்டரில் இருப்பதால் அது சதுர மில்லிமீட்டர்; அதாவது 240 சதுர மீட்டர். பூஜ்யங்களைக் கண்டு திகைக்கிறவர் சைட்டில் வரைபடத்தை அச்சிட்ட தாளாக மட்டுமே பார்த்தவர் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஒரு சுவரின் நீளத்துக்கான அளவுக் கோட்டில், மென்பொருள் தானாகக் காட்டும் எண்ணை அழித்துவிட்டு யாராவது கையால் வேறு எண்ணைத் தட்டியிருப்பார்கள். வரைபடத்தில் 3600 என்று இருக்கும். கோட்டை அளந்தால் 3450 வரும். அலுவலகத்தில் அவசரத்தில் நிஜமாகவே நடக்கிற கோளாறு இது. பிறகு சுவரை இழுத்து நீட்டினாலும் கையால் தட்டிய எண் மாறாது. தூண்களின் இடைவெளிகளைக் கூட்டி மொத்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்தான் இதைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்காதவர் சைட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, குழி தோண்டி, தூண் நிறுத்திய பிறகு 15 சென்டிமீட்டர் எங்கே போனது என்று தேடுவார்.

எனவே ‘ஆட்டோகேட்: நன்றாகத் தெரியும்’ என்பதற்குப் பதிலாக என்ன எழுதலாம் என்றால், செய்த வரைபடங்களைத்தான். மையக்கோட்டு வரைபடம், படிக்கட்டின் கம்பி விவரம், கட்டி முடித்த பின் உள்ளபடி வரைந்த வரைபடம், எத்தனை தாள், எந்தத் திருத்தம் வரை. வேறு கோப்புகளை XREF வழியாக இணைத்த வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பியபோது மறுமுனையில் பாதி கோடுகள் காணாமல் போய், பிறகு ETRANSMIT பயன்படுத்தக் கற்றுக்கொண்டவர் என்றால், அதை நேர்காணலில் சொல்ல ஒரு வாய்ப்பு வரும். சைட்டில் இரண்டாம் திருத்தம் வந்த பிறகும் கம்பி கட்டுபவர் கையில் முதல் திருத்தத் தாளே இருந்த கதை எல்லோரிடமும் இருக்கும். பழைய தாள்களைத் திரும்ப வாங்கிக் கிழிக்கும் வழக்கத்தை யார் தொடங்கியது என்பதுதான் கேள்வி.

நம்மவரின் பக்கத்தைத் திருத்தி எழுதினால் முதல் வேலை இப்படி நிற்கும்: சேலம் புறநகர் அடுக்குமாடி, மூன்று தளம், 720 சதுர மீட்டர், பத்து மாதம், ஒப்பந்ததாரரின் ஒரே சைட் இன்ஜினியர், கான்கிரீட் 180 கன மீட்டர், ரெடிமிக்ஸ் எம்-25, கம்பி 18 டன், பார் பெண்டிங் அட்டவணை சரிபார்ப்பு, கியூப் முடிவுகள் கோப்பில், ரன்னிங் பில் நான்கு, 80,000 மனித மணி நேரம், வேலையிழப்பு விபத்து இல்லை, மையக்கோட்டு வரைபடமும் உள்ளபடி வரைபடமும் ஆட்டோகேடில். ஐந்து வரிக்குள் அடங்கிவிடும். இரண்டாவது வேலை மூன்று வரி. நான்கு வருட அனுபவத்துக்கு மொத்தம் ஒரு பக்கம் போதும். தந்தை பெயர், மத விவரம், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் இடம் தாராளமாகவே இருக்கும்.

இந்த எண்கள் வேலையை விட்டு நின்ற பிறகு கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். சைட் முடிந்ததும் கோப்புகள் ஒப்பந்ததாரரின் அலுவலக அலமாரிக்குப் போய்விடும். அனுபவச் சான்றிதழில் ‘நன்னடத்தை உடையவர்’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். நிறுவனத்தின் விலைப் பட்டியலையோ வரைபடத்தையோ வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது, அது அவர்கள் சொத்து. ஆனால் இன்று எந்த ஸ்லாப், எத்தனை கன மீட்டர், எத்தனை ஆள், எத்தனை கட்டி என்று சொந்த டைரியில் நான்கு எண் குறித்துவைப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. வேலை பாதியில் இருக்கும்போதே வெளியேறுகிறவர், மொத்த ஒப்பந்த அளவை எழுதாமல், தான் கிளம்பிய தேதி வரை முடிந்த அளவை மட்டும் தேதியோடு எழுத வேண்டும். ஏனென்றால் அதே சைட்டில் அவருக்குப் பின் வந்து மீதியை முடித்த பொறியாளரும் அதே நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கலாம். இரண்டு தாளும் ஒரே மேஜையில் கிடக்கும்போது, இருவரின் அளவையும் கூட்டினால் கட்டடத்தின் அளவைத் தாண்டக்கூடாது.